பெட்டிக்கு 243 ரூபாய்: அதைத் தாண்டினால் விளம்பரம் கையைக் கடிக்கும்

கேள்வி: எங்கள் குடும்பம் பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் தொழில் செய்கிறது. நான் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கிலோ பெட்டிகளாக இணையத்தில் விற்கிறேன். பெட்டி விலை ஜிஎஸ்டி உட்பட 1,260 ரூபாய், கூரியர் இலவசம். பருப்பின் அடக்கம் 720, பேக்கிங் 40, கூரியர் 80, பணம் வசூலிக்கும் கட்டணம் சராசரியாக 30. சென்ற மாதம் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் விளம்பரத்துக்கு நாளுக்கு 500 வீதம் 15,000 செலவு செய்தேன். 60 ஆர்டர் வந்ததாகவும் ROAS 5.04 என்றும் திரை காட்டுகிறது. பெரும்பாலானவை கேஷ் ஆன் டெலிவரி. 9 பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. போட்ட ரூபாய்க்கு ஐந்து ரூபாய் வருகிறதே, நகையை அடகு வைத்து நாளுக்கு 2,000 ரூபாயாக உயர்த்தலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் வங்கியில் பணம் சேரவில்லை. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. விளம்பரக் கணக்கில் அந்த எண்ணைக் கொடுத்தேனா என்று நினைவில்லை.
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நகையை இப்போது தொடாதீர்கள். வங்கியில் பணம் சேரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். விளம்பரத் திரையும் வங்கிப் புத்தகமும் வேறு வேறு கதை சொன்னால், நான் எப்போதும் வங்கிப் புத்தகத்தைத்தான் நம்புவேன். திரை சொல்வது பொய் இல்லை. அது எதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

ROAS என்பது விளம்பரத்தால் வந்ததாகச் சொல்லப்படும் விற்பனைத் தொகையை விளம்பரச் செலவால் வகுத்த எண். உங்கள் 60 பெட்டிகளின் விற்பனை 75,600 ரூபாய். அதை 15,000 ரூபாயால் வகுத்தால் 5.04. அந்த 75,600 ரூபாயில் பருப்புக்காரருக்குச் சேர வேண்டியதும், கூரியருக்குச் சேர வேண்டியதும், அரசுக்குச் சேர வேண்டிய வரியும் கலந்திருக்கின்றன. ஆகவே 5.04 நல்லதா கெட்டதா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஊதுவத்தியோ சோப்போ விற்பவருக்கு 2.5 இருந்தாலே போதுமானதாக இருக்கலாம், ஏனென்றால் அவருக்கு அடக்க விலை குறைவு. முந்திரியில் விலையின் பெரும்பகுதி பருப்புக்கே போய்விடுகிறது.

எனவே முதலில் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்ப்போம். 1,260 ரூபாயில் 5 சதவீத வரியான 60 ரூபாய் உங்களுடையது அல்ல. மிச்சம் 1,200. அதில் நீங்கள் எழுதிய நான்கு செலவுகளையும் கழித்தால் 330 ரூபாய் நிற்கிறது. விளம்பரத்துக்குக் கொடுக்கக்கூடியது, வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியது எல்லாம் இந்த 330 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். விளம்பரச் செலவு ஆர்டருக்கு 250 என்று திரை காட்டியிருக்கும், 80 ரூபாய் லாபம் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். அந்த 80 ரூபாய் எங்கே போனது என்பதற்கு விடை, திரும்பி வந்த ஒன்பது பெட்டிகளில் இருக்கிறது.

ஒரு பெட்டி திரும்பி வந்தால் 330 ரூபாய் வராமல் போவதோடு கதை முடிவதில்லை. போன கூரியர் 80, திரும்பி வந்த கூரியர் சுமார் 70, கசங்கிப்போன பேக்கிங் 40. பருப்பு உறை பிரிக்கப்படாமல் வந்தாலும் இரண்டு வாரம் வெயிலிலும் கிடங்கிலும் கிடந்ததைப் புதுச் சரக்கு விலையில் விற்க மனம் வராது. அந்த இறக்கத்துக்குச் சராசரியாக 60 வைக்கிறேன். ஆக ஒரு திருப்பலுக்கு 250 ரூபாய் நட்டம். திரும்பும் கூரியரும் பருப்பின் இறக்கமும் என் மதிப்பீடு. உங்கள் கூரியர் பில்லைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது மொத்தமாகப் போடுவோம். போய்ச் சேர்ந்த 51 பெட்டிகள் தந்தது 16,830 ரூபாய். திரும்பிய 9 பெட்டிகள் தின்றது 2,250. மிஞ்சியது 14,580. இதை 51 ஆல் வகுக்கக் கூடாது, 60 ஆல்தான் வகுக்க வேண்டும். ஏனென்றால் ஆர்டர் விழுந்த நிமிடத்திலேயே திரை அதை விற்பனை என்று எண்ணிவிடுகிறது, பெட்டி திரும்பி வந்தது அதற்குத் தெரியாது. கூகுள் ஷீட்டில் ஒரே வரி:

```
=(51*330-9*250)/60
```

விடை 243. ஓர் ஆர்டரைப் பிடிக்க நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு, அதாவது முதலுக்கு மோசமில்லாத செலவு, இதுதான். நீங்கள் கொடுத்ததோ 250. ஆர்டருக்கு 7 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது.

அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. விளம்பரத் திரையில் தெரியும் செலவில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. விளம்பரத்துக்கு 18 சதவீதம் வரி உண்டு. 15,000 ரூபாய்க்கு உங்கள் கார்டிலிருந்து போனது 17,700 ஆக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் சரிபாருங்கள். விளம்பரக் கணக்கின் கட்டண அமைப்பில் உங்கள் ஜிஎஸ்டி எண் பதிவாகி, பில் அந்த எண்ணில் வந்தால்தான் இந்த 2,700 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியும். எண்ணை இன்றே சேருங்கள். ஆனால் சேர்த்த உடனே அதை லாபமாக எண்ணிவிடாதீர்கள். நீங்கள் விற்பது 5 சதவீதப் பொருள்; கூரியரிலும் மற்றக் கொள்முதலிலும் கட்டிய வரியைக் கழித்தபின் நீங்கள் செலுத்த வேண்டிய வரி மிகச் சிறியதாக இருக்கும். அதில் இந்த 2,700 முழுவதும் கழிய இடம் இல்லாமல் லெட்ஜரில் தேங்கிவிடலாம். எவ்வளவு கழிகிறது என்று உங்கள் ஆடிட்டர் சொல்லும்வரை 18 சதவீதத்தையும் செலவாகவே வைத்துக்கொள்ளுங்கள். (வரிக் கணக்கில் இன்னொரு சிறு எச்சரிக்கை: இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரிக்குக் கடலூரிலிருந்து ஒரு பெட்டி போனாலும் அது மாநிலம் கடந்த விற்பனை. பில்லில் ஐஜிஎஸ்டி வர வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.)

ஆக ஓர் ஆர்டரைப் பிடிக்க உண்மையில் ஆன செலவு 295 ரூபாய், உச்சவரம்பு 243. மாதம் முழுவதும் உழைத்து 3,120 ரூபாய் கைநட்டம். திரையில் பார்க்கும்போது இதையே திருப்பிச் சொல்லலாம்: 243ஐ 1.18 ஆல் வகுத்தால் 206. திரை காட்டும் 'Cost per purchase' 206 ரூபாய்க்குக் கீழே இருந்தால்தான் உங்களுக்குப் பிழைப்பு. 1,260ஐ 206 ஆல் வகுத்தால் 6.1, உங்களுக்கு வேண்டிய ROAS அது. 5.04 அதற்குக் கீழே. நாளுக்கு 2,000 போட்டு, அதே வேகத்தில் 240 ஆர்டர் வந்ததாகவே வைத்துக்கொண்டாலும் நட்டம் நான்கு மடங்காகி 12,480 ரூபாய் ஆகியிருக்கும். நகை மேல் வட்டி தனி.

சரி, 243ஐ எப்படி உயர்த்துவது? முதலில் திருப்பல்கள். பெட்டி அனுப்புவதற்கு முன் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் போன் செய்து முகவரி, அருகில் உள்ள அடையாளம், வீட்டில் ஆள் இருக்கும் நாள் மூன்றையும் கேளுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. திருப்பல் குறைந்தால் விற்பனை கூடிவிடும் என்று பலர் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். ஒன்பதில் மூன்று பேர் முகவரிக் குழப்பத்தால் வாங்காமல் போயிருப்பார்கள். அவர்கள் விற்பனையாக மாறுவார்கள். நான்கு பேர் போனிலேயே வேண்டாம் என்பார்கள். அவர்களால் 250 ரூபாய் நட்டம் மிச்சமாகும், ஆனால் 330 வராது. மீதி இருவர் போனில் சரி என்று சொல்லிவிட்டும் திருப்பி அனுப்புவார்கள். அப்படிப் பார்த்தால் 54 பெட்டிகள் போய்ச் சேர்ந்து 17,820 ரூபாய் தரும், இரண்டு திருப்பல்கள் 500 ரூபாயைத் தின்னும், உச்சவரம்பு 289 ஆகும். 295ஐத் தொட இன்னும் ஆறு ரூபாய் போதவில்லை.

இரண்டாவது, பெட்டியின் அளவு. ஓர் ஆளைப் பிடிக்கும் விளம்பரச் செலவு, அவர் ஒரு கிலோ வாங்கினாலும் இரண்டு கிலோ வாங்கினாலும் ஒன்றுதான். இரண்டு கிலோ பெட்டியை 2,415 ரூபாய்க்கு வையுங்கள். வாங்குபவருக்கு 105 ரூபாய் மிச்சம். வரி போக 2,300. பருப்பு 1,440, பேக்கிங் 60, கூரியர் சுமார் 130, வசூல் கட்டணம் 50 போக 620 நிற்கும். போய்ச் சேரும் 54 பேரில் 18 பேர் இதை எடுத்தால், மற்ற 36 பேரின் 330 ரூபாயையும் சேர்த்து 23,040. திருப்பல்களுக்கு 500 கழித்து 22,540. அறுபதால் வகுத்தால் 376. இப்போதுதான் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. 295 செலவு, 376 வரம்பு. மாதம் 4,840 ரூபாய் உண்மையான மிச்சம். திரையில் பார்க்க வேண்டிய எல்லை 318 ரூபாய். சராசரி ஆர்டர் தொகை 1,645 ஆகிவிடுவதால் வேண்டிய ROAS 5.2. நீங்கள் நிற்கும் இடமோ 6.58.

பட்ஜெட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இதுதான், பலர் தவறுவதும் இங்கேதான். ஆகவே இதை நிதானமாகப் படியுங்கள்.

நாளுக்கு 500 என்பதை 1,000 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் 60 என்பது 120 ஆகாது. வாங்கும் வாய்ப்பு அதிகம் இருப்பவர்களாகப் பார்த்துத்தான் விளம்பரத் தளம் முதல் 500 ரூபாயைச் செலவிடுகிறது. அடுத்த 500 ரூபாய்க்கு, மனம் பாதி இருப்பவர்களையும், ஏற்கெனவே மூன்று முறை பார்த்துத் தள்ளிவிட்டவர்களையும் தேடிப் போக வேண்டும். ஒருவர் சராசரியாக எத்தனை முறை விளம்பரத்தைப் பார்த்தார் என்று சொல்லும் 'Frequency' என்ற கட்டம் ஏறுவதில் அது தெரியும். 100 ஆர்டர் வருகிறது என்போம். திரையில் ஆர்டருக்கு 300 ரூபாய், 318க்குக் கீழே. ROAS 5.48, வேண்டிய 5.2க்கு மேலே. இரண்டு எண்களும் தொடரச் சொல்கின்றன.

கையில் நிற்பதைப் பாருங்கள். 100 ஆர்டர் தருவது 37,567 ரூபாய், வரியோடு விளம்பரச் செலவு 35,400, மிச்சம் 2,167. முன்பு 60 ஆர்டரில் மிஞ்சியது 4,840. நாற்பது பெட்டி கூடுதலாகக் கட்டி, ஒட்டி, அனுப்பி, மிச்சத்தில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறீர்கள். முதல் 60 ஆர்டரின் லாபம் அந்த நாற்பதின் நட்டத்தை மூடி மறைத்துவிட்டது. நாற்பதை மட்டும் தனியே எடுங்கள்: அவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுத்தது 17,700, ஒவ்வொன்றுக்கும் 442 ரூபாய். வரம்பு 376. ஒவ்வொரு பெட்டியோடும் 66 ரூபாய் வைத்து அனுப்பியதற்குச் சமம். பட்ஜெட்டை உயர்த்தும்போது மொத்தத்தின் சராசரியைப் பார்க்கக் கூடாது. கூட்டிய பணத்தைக் கூடுதலாக வந்த ஆர்டரால் மட்டும் வகுத்து, அதை 376ஓடு ஒப்பிட வேண்டும்.

இதை அறிய ஒரு சோதனை போதும். முதலில், இப்போதைய 500 ரூபாயிலேயே நான்கு வாரம் ஓட்டி, உங்கள் நோட்டுப் புத்தகத்தில் வந்த எல்லா ஆர்டர்களையும் எண்ணுங்கள்: விளம்பரம், வாட்ஸ்அப், தெரிந்தவர்கள் என எல்லாம். திரையின் எண்ணிக்கையைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. விளம்பரத்தைத் தட்டிய ஏழு நாளுக்குள்ளோ, பார்த்த ஒரு நாளுக்குள்ளோ வாங்கியவர்களை எல்லாம் தன் கணக்கில் எழுதிக்கொள்வது அந்தத் தளத்தின் வழக்கமான அமைப்பு. உங்கள் பழைய வாடிக்கையாளர் காலையில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, எப்படியும் வாங்க இருந்ததை மாலையில் வாங்கினாலும் அது விளம்பரத்தின் விற்பனையாகிவிடும். நோட்டில் மொத்தம் எவ்வளவு கூடியது என்று பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை.

பிறகு 750 ஆக்கி இன்னும் நான்கு வாரம். ஒரே நாளில் உயர்த்தாமல் 600, சில நாள் கழித்து 750 என்று போங்கள். பட்ஜெட் திடீரெனத் தாவினால் விளம்பரம், யாருக்குக் காட்டலாம் என்று தளம் பழகிக்கொள்ளும் கற்றல் நிலைக்கு மறுபடி போய் சில நாள் தடுமாறும். வாரத்துக்கு ஏறத்தாழ 50 விற்பனை கிடைத்தால்தான் அந்த நிலை முடியும் என்பது தளத்தின் சொந்தக் கணக்கு. உங்களுக்கு வாரம் 14 தான். ஆகவே இருக்கும் பணத்தை நான்கு விளம்பரத் தொகுப்புகளாகப் பிரிக்காமல் ஒன்றிலேயே வைத்திருங்கள்.

நான்கு வாரத்தில் கூடும் செலவு 7,000 ரூபாய், வரியோடு 8,260. அதை 376 ஆல் வகுத்தால் 22. முந்தைய நான்கு வாரத்தைவிட நோட்டில் 22 ஆர்டராவது கூடியிருந்தால் கூட்டிய பணம் தன்னைத் தானே மீட்டுக்கொண்டது. 9 தான் கூடியது என்றால், திரை என்ன ROAS காட்டினாலும் பழைய 500க்கே இறங்கிவிடுங்கள். 17, 18 என்று நடுவில் நின்றால் முடிவு செய்யாதீர்கள். இந்த அளவு விற்பனையில், எதையும் மாற்றாவிட்டாலும் மாதத்துக்கு மாதம் எட்டு, பத்து ஆர்டர் முன்னே பின்னே ஆகும். இன்னும் நான்கு வாரம் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டு நாள் பார்த்துவிட்டு விளம்பரம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று பணத்தைக் கூட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தத் தற்செயலான ஏற்றத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சோதனைக்குரிய எட்டு வாரத்தில் தீபாவளியோ பொங்கலோ விழக்கூடாது. நம் பக்கத்தில் மழைக்காலமும் தவிர்க்க வேண்டியதே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்தப் பகுதியே வெள்ளத்தில் நின்றது. அப்படி ஒரு வாரம் நடுவில் வந்துவிட்டால் இரு பக்கத்து எண்களையும் ஒப்பிடுவதில் பொருள் இல்லை. சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுபடி வாங்குபவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் முந்திரியில் அது உண்டு. விளம்பரத்தால் வந்த 60 பேரில் 10 பேர் மூன்று மாதத்துக்குள் விளம்பரம் இல்லாமலேயே இன்னொரு பெட்டி வாங்கினால், அது 3,300 ரூபாய். அறுபதுக்குப் பங்கிட்டால் 55. வரம்பை அவ்வளவு உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் போன் எண்ணை வைத்து உங்கள் நோட்டில் எண்ணிய பிறகு மட்டுமே உயர்த்துங்கள். அந்தப் பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும், விளம்பரப் பணமோ இன்றே போகும். அடகு வட்டியில் நடத்தும் தொழிலுக்கு அந்த இடைவெளி தாங்காது.

376 என்பது லாபம் வைக்கும் அளவு அல்ல, அதற்கு மேல் போகக்கூடாத வரம்பு என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் உழைப்புக்கும், பெட்டி கட்டும் ஆளின் கூலிக்கும், போன் கட்டணத்துக்கும் அந்த வரம்புக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியிலிருந்துதான் வர வேண்டும். மாதம் இவ்வளவு வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, 60 ஆல் வகுத்து, 376லிருந்து கழித்துவிட்டு மீதியை விளம்பரத்துக்கு வைப்பதே சரி.

செய்ய வேண்டிய வரிசை இது: இந்த மாதம் ஜிஎஸ்டி எண், போன் அழைப்பு, இரண்டு கிலோ பெட்டி மூன்றும். அடுத்த மாதம் உங்கள் சொந்த எண்களைப் போட்டு வரம்பை மறுபடி கணக்கிடுங்கள். என் 376 உங்களுக்கு 340 ஆகவும் வரலாம், 400 ஆகவும் வரலாம். வரம்பு 295ஐத் தாண்டினால் மட்டும் சோதனை. அதற்கு வேண்டியது 8,260 ரூபாய் கூடுதல், நான்கு வாரத்தில் பரவலாக. இதற்கு நகை தேவைப்படாது. சோதனை தேறினால் 750லிருந்து 1,000க்குப் போகும்போதும் இதே 22 ஆர்டர் கணக்குத்தான்.

இன்னொன்று. பருப்பு விலை உங்கள் வீட்டிலேயே தெரிந்துவிடும், எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். கிலோவுக்கு 40 ரூபாய் ஏறினால், பெட்டி விலையை மாற்றாத நிலையில் 376 என்பது 328க்கு இறங்கிவிடும். விலை ஏறிய அன்றே ஷீட்டைத் திருத்திவிட்டு, மறுநாள் விளம்பரத் திரையைத் திறவுங்கள்.